நள்ளிரவு அலர்ட்டை யாரிடம் கொடுப்பது?

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையோரம் இரவு இரண்டு மணிக்கும் விளக்கு எரியும் அலுவலகத் தளங்களில் சில, இணையப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையங்கள். துறைக்காரர்கள் இவற்றை 'சாக்' என்பார்கள். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மின்னஞ்சல், இன்னொரு மருத்துவமனையின் சர்வர்கள், எங்கோ ஓர் ஆலையின் கணினிகள் என்று பல வாடிக்கையாளர்களின் பதிவுகள், அதாவது லாக்குகள், இங்கே வந்து சேர்கின்றன. சந்தேகத்துக்குரிய எதையாவது மென்பொருள் கண்டால் திரையில் ஓர் அலர்ட் விழும். எல்-1 என்று அழைக்கப்படும் முதல் நிலை ஊழியர் அதைப் பார்த்து, ஒன்றுமில்லை என்றால் மூடுவார். ஏதோ இருக்கிறது என்றால் எல்-2விடம் தள்ளுவார். எல்-2 என்பவர் முடிவெடுக்க வேண்டியவர். இந்தக் கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கலாமா, வாடிக்கையாளரின் மேலாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்பலாமா, இல்லை காலை வரை பொறுக்கலாமா என்பதை அந்த ஷிஃப்டில் அவர் ஒருவர்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த நாற்காலிக்கு ஆள் எடுப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தத் துறை ரெஸ்யூம்களில் மூன்று வகைச் சரக்கு இருக்கும்: தேர்வெழுதி வாங்கிய சான்றிதழ்கள், சொந்தமாகவோ இணையத்திலோ செய்து பார்த்த லேப் பயிற்சிகள், உண்மையான தாக்குதல்களைக் கையாண்ட அனுபவம். மூன்றும் கணக்கில் வர வேண்டும் என்று எல்லா நிறுவனங்களும் சொல்கின்றன. எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. பெரும்பாலும் மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிவிடுகிறார்கள். சான்றிதழுக்கு முப்பது, லேபுக்கு முப்பது, அனுபவத்துக்குப் பத்து வாங்கியவரும், ஐந்து, இருபது, நாற்பத்தைந்து வாங்கியவரும் எழுபதில் வந்து நிற்பார்கள். எண் ஒன்று, ஆட்கள் வேறு. இரவு இரண்டு மணிக்கு இவர்களில் யாரைத் தனியாக விடலாம் என்ற கேள்விக்கு அந்த எழுபது பதில் சொல்லாது.

நான் உட்கார்ந்த தேர்வுக்குழுக்களில் திரும்பத் திரும்பக் கண்ட வரிகளைச் சேர்த்து மூன்று விண்ணப்பதாரர்களை இங்கே உருவாக்கிக்கொள்கிறேன். இவர்கள் தனி ஆட்களைக் குறிப்பவர்கள் அல்லர். ஆனால் இந்த வேலைக்கு ஆள் எடுத்த எவரும் மூவரையும் அடையாளம் கண்டுகொள்வார்கள். பணி, எல்-2. ஷிஃப்ட் மாறி மாறி வரும். வாடிக்கையாளர்களிடம் இருப்பவை பெரும்பாலும் விண்டோஸ் சர்வர்களும் மைக்ரோசாஃப்ட் 365 மின்னஞ்சலும்.

முதலாமவரின் ரெஸ்யூம் கண்ணைப் பறிக்கும். மேல்வரியிலேயே செக்யூரிட்டி பிளஸ், சி.இ.எச்., சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்று சான்றிதழ் முத்திரைகள் வரிசையாக நிற்கின்றன. கல்லூரி முடித்து இரண்டு ஆண்டு வேலை. இரண்டாமவர் ஒரு மருத்துவமனையில் கணினிகளைப் பராமரிக்கும் டெஸ்க்டாப் சப்போர்ட் வேலையில் இருக்கும் பெண். ஒரே சான்றிதழ், செக்யூரிட்டி பிளஸ். ஆனால் வீட்டில் அமைத்த லேபைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். மூன்றாமவரிடம் சான்றிதழே இல்லை. ஐந்து ஆண்டு சாக் அனுபவம், 'ஐந்நூறுக்கும் மேற்பட்ட இன்சிடென்ட்களைக் கையாண்டவர்' என்று ஒரு வரி.

சான்றிதழில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதைச் சரிபார்ப்பதுதான் எளிது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் பின்னால் ஒரு தேர்வு இருக்கிறது. அந்தத் தேர்வில் ஒருவர் என்ன செய்ய வேண்டியிருந்தது என்பது தெரிந்தால் அந்தக் காகிதம் எதற்குச் சாட்சி என்பதும் தெரிந்துவிடும். செக்யூரிட்டி பிளஸ் தேர்வு 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது, நடுவே சில செய்முறைக் கேள்விகள். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அடிப்படைச் சொற்களும் கருத்துகளும் ஒருவருக்குத் தெரியும் என்பதற்கு இது நல்ல சாட்சி. சி.இ.எச். நான்கு மணி நேரத்தில் 125 கேள்விகள், எல்லாமே விடை தேர்வுதான். அதன் செய்முறைத் தேர்வு தனியாக இருக்கிறது, அதை எழுதியவர்கள் ரெஸ்யூமில் தனியாகக் குறிப்பிடுவார்கள். ஓ.எஸ்.சி.பி. முற்றிலும் வேறு ரகம். 23 மணி 45 நிமிடம் உட்கார்ந்து கணினிகளை உண்மையாகவே உடைத்து நுழைய வேண்டும். அது முடிந்து அடுத்த 24 மணி நேரத்துக்குள் எப்படி நுழைந்தோம் என்று அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். விடாமுயற்சிக்கும் தெளிவாக எழுதும் திறனுக்கும் இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம். ஆனாலும் அது தாக்குபவரின் கலை. கண்காணிப்பு வேலைக்கு அது பக்கத்து வீட்டுத் தகுதிதான்.

முதலாமவரின் ரெஸ்யூமில் நம்மை நிறுத்த வேண்டிய இடம் சி.ஐ.எஸ்.எஸ்.பி. அதை வழங்கும் ஐ.எஸ்.சி.2 அமைப்பு தேர்வில் தேறினால் மட்டும் சான்றிதழ் தருவதில்லை. பாடத்திட்டத்தின் எட்டுப் பிரிவுகளில் குறைந்தது இரண்டில், மொத்தம் ஐந்து ஆண்டு பணி அனுபவம் வேண்டும். உரிய பட்டப்படிப்போ அங்கீகரித்த வேறொரு சான்றிதழோ இருந்தால் அதில் ஓராண்டு மட்டும் கழியும். ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற ஒருவர் அந்த அனுபவத்துக்கு உறுதி சொல்லவும் வேண்டும். இரண்டே ஆண்டு வேலை செய்தவர் தேர்வில் தேறியிருக்கலாம். அப்போது அவருக்குக் கிடைப்பது 'அசோசியேட்' நிலை. அனுபவத்தை நிரப்ப ஆறு ஆண்டு அவகாசம் தருவார்கள். அதுவரை பெயருக்குப் பக்கத்தில் சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்று போட்டுக்கொள்ள அனுமதி இல்லை.

இதைப் பார்த்தவுடன் பொய்யர் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ரெஸ்யூமில் எழுதாத முந்தைய வேலை இருக்கலாம். விதி தெரியாமல் எழுதியிருக்கலாம். ஆன்லைனில் உறுப்பினர் பெயரைச் சரிபார்க்க ஐ.எஸ்.சி.2வே வழி வைத்திருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு, பிறகு அவரிடமே நேராகக் கேட்பதுதான் முறை. நம் கதையில் அவர் தேர்வில் தேறிய அசோசியேட். 'பாஸ் பண்ணிட்டேன்ல சார், அதனால போட்டேன்' என்கிறார். அவருடைய படிப்பு உண்மை. ஆனால் எல்-2 எழுதும் அறிக்கையில் 'நடந்தது' எது, 'நடந்திருக்கலாம்' எது என்ற வேறுபாடுதான் உயிர். அந்த வேறுபாட்டில் தன்னைப் பற்றி எழுதும்போதே அவர் கவனமாக இல்லை என்பதைக் குழு குறித்துக்கொள்ளும்.

இதில் நிறுவனங்களின் பக்கமும் பெரிய குற்றம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. புதியவர்களுக்கான எல்-1 வேலை அறிவிப்பிலேயே 'சி.ஐ.எஸ்.எஸ்.பி. விரும்பத்தக்கது' என்று எழுதுகிறார்கள். ஐந்து ஆண்டு அனுபவம் கேட்கும் சான்றிதழை ஓராண்டு அனுபவ வேலைக்குக் கேட்டால், கிடைப்பது ஒன்று பொய், இல்லை வெற்றிடம். தேர்வுக் கட்டணங்களும் சிறியவை அல்ல. ஓ.எஸ்.சி.பி. பயிற்சியும் தேர்வும் சேர்ந்து ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். முந்தைய நிறுவனம் கட்டிய பணத்தில் நான்கு சான்றிதழ் வாங்கியவரையும், அப்பாவின் நகைக்கடனில் ஒன்று வாங்கியவரையும் எண்ணிக்கையில் ஒப்பிடுவது திறமையை அளப்பதாகாது. எத்தனை என்று எண்ணாமல், எந்தத் தேர்வு, எப்போது எழுதியது, இந்த வேலையில் எதற்கு உதவும் என்று மட்டும் பார்த்தால் போதும்.

இனி லேப். இரண்டாமவரின் ரெஸ்யூமில் மூன்று வரிகள் இருக்கின்றன. 'ட்ரைஹேக்மீ தளத்தில் முதல் ஒரு சதவீதத்தில் இடம்' என்பது ஒன்று. 'வீட்டு லேப்: விண்டோஸ் சர்வர் ஒன்று, விண்டோஸ் கணினி இரண்டு, சிஸ்மான், வாசூ' என்பது அடுத்தது. 'அடாமிக் ரெட் டீம் பயன்படுத்திச் சோதனைத் தாக்குதல்கள் நடத்தி, அவற்றைக் கண்டுபிடிக்கும் விதிகள் எழுதினேன்' என்பது கடைசி.

முதல் வரியை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். அத்தகைய தளங்களில் புள்ளிகள் சேர்ப்பது உழைப்பைக் காட்டும். ஆனால் பெரும்பாலான பயிற்சிகளுக்கு விடைகளோடு கூடிய விளக்கங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. படித்துப் பார்த்து விடையைத் தட்டினாலும் புள்ளி ஏறும். இரண்டாவது, மூன்றாவது வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. வாசூ என்பது இலவசமாகக் கிடைக்கும் கண்காணிப்பு மென்பொருள். சிஸ்மான், விண்டோஸ் கணினியில் எந்த புரோகிராம் எதைத் தொடங்கியது என்பதை விரிவாகப் பதிவு செய்யும் மைக்ரோசாஃப்ட் கருவி. அடாமிக் ரெட் டீம், தாக்குபவர்கள் செய்யும் சிறு சிறு செயல்களைப் பாதுகாப்பாக நடத்திப் பார்க்க உதவும் தொகுப்பு. மூன்றையும் ஒரு சாதாரண லேப்டாப்பில், நினைவகம் கொஞ்சம் தாராளமாக இருந்தால், ஓட்டிப் பார்க்கலாம்.

உண்மையிலேயே லேப் நடத்தியவரையும் காணொளி பார்த்து எழுதியவரையும் பிரிக்க ஒரு கேள்வி போதும்: 'என்னென்ன கெட்டுப்போச்சு?' காணொளியில் எல்லாம் முதல் முறையே வேலை செய்யும். வீட்டில் செய்யாது. நம் இரண்டாமவர் சொல்லும் பதிலைப் பாருங்கள்.

'ஒரு மெஷினோட லாக் மட்டும் வரவே இல்ல மேடம்னு நினைச்சேன். ரெண்டு நாள் தேடினேன். லாக் வந்துட்டுதான் இருந்திருக்கு. அந்த விர்ச்சுவல் மெஷின்ல நேர மண்டலம் தப்பா இருந்ததால அஞ்சரை மணி நேரம் தள்ளி விழுந்திருக்கு. நான் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் பார்த்துட்டு இருந்தேன்.'

இந்த ஒரு பதில் ஒரு சான்றிதழுக்குச் சமம் என்று நான் நினைக்கிறேன். உலக நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி நேர வேறுபாடு உண்மையான விசாரணைகளிலும் ஆட்களைத் தடுமாற வைக்கும். ஒரு சர்வர் உலக நேரத்திலும் இன்னொன்று உள்ளூர் நேரத்திலும் பதிவு செய்தால், பின்னால் நடந்தது முன்னால் நடந்தது போலத் தெரியும். அந்தப் பாடத்தை இவர் தன் வீட்டிலேயே கற்றுவிட்டார்.

லேபுக்கு ஓர் எல்லை உண்டு. லேபில் தாக்குதல் நடக்கிறது என்று நமக்கு முன்பே தெரியும்; நாமே நடத்தியதுதானே. சாக்கில் விழும் அலர்ட்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. யாரோ கடவுச்சொல்லை மறந்திருப்பார், பேக்கப் மென்பொருள் வழக்கமான வேலையைச் செய்திருக்கும். ஒன்றுமில்லாதவை வரிசையாக வரும் நடுவே உள்ள ஒன்றைத் தவறவிடாமல் பார்ப்பதுதான் தொழில். அதனால் லேப் செய்தவரிடம் நான் இரண்டாவதாகக் கேட்பது, 'நீங்க எழுதின விதி எத்தனை தடவை தப்பா அடிச்சது?' என்பது. தாக்குதலை மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தியவருக்கு இதற்குப் பதில் இருக்காது. தன் சொந்த லேப்டாப்பிலும் அதே விதியைச் சில நாள் ஓடவிட்டு, சாதாரணப் பயன்பாட்டிலேயே அது எத்தனை முறை அலறுகிறது என்று பார்த்தவருக்கு இருக்கும்.

மூவருக்கும் ஒரே செய்முறைத் தேர்வு வைப்பது நல்லது. ரெஸ்யூம்கள் மூன்று மொழிகளில் பேசும்போது ஒரே தராசு இது ஒன்றுதான். பெரிதாக எதுவும் வேண்டாம். ஐந்து வரி லாக், நாற்பது நிமிடம். இதைப் போல:

```
02:11:07  4625  user=svc_backup  type=3  src=10.20.4.31
02:11:09  4625  user=svc_backup  type=3  src=10.20.4.31
02:14:40  4624  user=svc_backup  type=3  src=10.20.4.31
02:16:02  4720  new=helpdesk2    by=svc_backup
02:19:55  1102  log cleared      by=svc_backup
```

இரண்டாவது பத்தியில் உள்ளவை விண்டோஸ் தரும் நிகழ்வு எண்கள். 4625 என்றால் உள்நுழைய முயன்று தோற்றது. 4624 என்றால் நுழைந்தாயிற்று. 4720, புதிய பயனர் கணக்கு உருவாக்கம். 1102, பாதுகாப்புப் பதிவேடு அழிக்கப்பட்டது. டைப் 3 என்பது நெட்வொர்க் வழியாக வந்த உள்நுழைவு. எண்களின் பொருளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. தேடிப் பார்க்கவும் விடலாம். பொருள் தெரிந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் தேர்வு.

முதலாமவர் உடனே 'புரூட் ஃபோர்ஸ்' என்கிறார், அதாவது கடவுச்சொற்களை ஆயிரக்கணக்கில் மாற்றி மாற்றி முயலும் தாக்குதல். பிறகு அதற்கான தடுப்பு முறைகளைப் பாடப்புத்தக வரிசையில் அழகாகச் சொல்கிறார். ஆனால் இங்கே தோற்ற முயற்சிகள் இரண்டே இரண்டு. இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை நுழைவது, கடவுச்சொல்லைத் தவறாகத் தட்டிய எவருக்கும் நடக்கும். படித்த தலைப்புகளில் ஒன்றோடு பொருத்திவிடும் அவசரம் கண்ணெதிரே இருந்த எண்ணிக்கையை மறைத்துவிட்டது.

இரண்டாமவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்கிறார்: 'இந்த லாக் எந்த மெஷின்ல இருந்து வந்தது?' அந்த விவரம் தாளில் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. அது டொமைன் கன்ட்ரோலர் என்றால் புதிய கணக்கு நிறுவனம் முழுக்கச் செல்லும். ஒரு தனிக் கணினி என்றால் அந்தக் கணினியோடு நிற்கும். ஆபத்தின் அளவே அதில்தான் இருக்கிறது. அடுத்து அவர் கேட்பது, பேக்கப் வேலைக்கான கணக்கு ஏன் புதுப் பயனரை உருவாக்குகிறது என்பது. அது அதன் வேலையே இல்லை. இதுவரை மிகச் சரி. அடுத்து என்ன செய்வீர்கள் என்றால், 'அந்தக் கணினியை உடனே ஆஃப் பண்ணுவேன்' என்கிறார். அங்கே லேபின் எல்லை தெரிந்துவிடுகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் நினைவகத்தில் இருக்கும் தடயங்கள் போய்விடும். பேக்கப் சர்வராக இருந்தால் வாடிக்கையாளரின் வேறு வேலைகளும் நிற்கும். நெட்வொர்க்கிலிருந்து மட்டும் பிரித்து வைத்துவிட்டு இயங்க விடுவதுதான் வழக்கம். வீட்டு லேபில் ஒரு கணினியை நிறுத்துவதற்கு யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் இது அங்கே தெரிய வாய்ப்பில்லை.

மூன்றாமவர் கடைசி வரியிலிருந்து மேலே படிக்கிறார். 'லாக்கை அழிச்சிருக்காங்க. அப்போ இந்த அஞ்சு வரி நமக்கு எப்படிக் கிடைச்சுது? சென்ட்ரலா காப்பி போயிருக்கு, அதைத்தான் பார்க்கறோம். சரி, அங்க முன்னாடி ஒரு வாரம் இந்த அக்கவுண்ட் எங்கிருந்து லாகின் ஆகியிருக்குன்னு பார்ப்பேன்.' பிறகு இன்னொன்று சொல்கிறார். அந்த இரவில் யாராவது அனுமதி பெற்றுப் பராமரிப்பு வேலை செய்தார்களா, அதற்கு டிக்கெட் இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவாராம். இருந்தாலும் பதிவேட்டை அழித்ததற்கு அந்த டிக்கெட் விளக்கம் ஆகாது, அதனால் அந்தப் பதிலுக்குக் காத்திருக்காமல் `10.20.4.31` முகவரியில் உள்ள கணினியைத் தனிமைப்படுத்தி, `helpdesk2` கணக்கை முடக்குவாராம். எல்-2விடம் நாம் தேடுவது இதுதான். ஒரு விளக்கத்தை நம்பத் தயாராக இருக்கிறார், அதே சமயம் அந்த விளக்கம் எதுவரை தாங்கும் என்பதும் அவருக்குத் தெரிகிறது.

இப்போது அவருடைய 'ஐந்நூறு இன்சிடென்ட்' வரிக்கு வருவோம். அனுபவ வரிகள்தான் ரெஸ்யூமில் மிகக் கனமானவை, மிக எளிதாக ஊதிப் பெருக்கக் கூடியவையும் அவையே. ஐந்து ஆண்டில் ஐந்நூறு என்றால் வாரத்துக்கு ஏறத்தாழ இரண்டு. அலர்ட்டுகளைச் சொல்கிறார் என்றால் அது மிகக் குறைவு. பரபரப்பான சாக்கில் ஒரே ஷிஃப்டில் பல பத்து வரும். உண்மையான ஊடுருவல்களைச் சொல்கிறார் என்றால் மிக அதிகம். அப்படி வாரம் இரண்டு ஊடுருவல் என்றால் அந்த வாடிக்கையாளர்களின் நிலைமை பரிதாபம். எனவே நடுவில் ஏதோ ஒன்றைத்தான் அவர் இன்சிடென்ட் என்கிறார். பல நிறுவனங்களில் டிக்கெட் போடும் மென்பொருள் எல்லா டிக்கெட்டுக்கும் 'இன்சிடென்ட்' என்றே பெயர் வைத்திருக்கும். அதையே ரெஸ்யூமுக்கு எடுத்துவந்துவிடுவார்கள். குற்றம் சாட்டாமல் பிரித்துக் கேட்டால் போதும். ஐந்நூறில் ஒன்றுமில்லை என்று மூடியவை எத்தனை? மேலே தள்ளியவை எத்தனை? ஒரு கணக்கை முடக்குவது, ஒரு கணினியைப் பிரிப்பது என்று நீங்கள் கையை வைக்க வேண்டியிருந்தவை எத்தனை? நேர்மையானவர் மூன்றாவது எண்ணை உடனே சிறியதாக்குவார். நம் மூன்றாமவர், 'ஒன்பது, பத்து இருக்கும்' என்கிறார். இந்தச் சிறிய எண்ணைக் கேட்ட பிறகுதான் பெரிய எண்ணை நம்ப முடிகிறது.

அந்த ஒன்பதில் ஒன்றை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். ரெஸ்யூமிலேயே இன்ன வங்கியில் இன்ன ஊடுருவல் என்று எழுதியிருந்தால், நாளை உங்கள் வாடிக்கையாளரின் பெயரும் அப்படித்தான் இன்னொரு ரெஸ்யூமில் ஏறும்.

அவர் சொல்வது ஒரு மின்னஞ்சல் ஊடுருவல். கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் போலி உள்நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல்லையும் கைபேசிக்கு வந்த ஒப்புதலையும் கொடுத்துவிட்டார். அந்தப் போலிப் பக்கம் இரண்டையும் உண்மையான தளத்துக்குக் கடத்தி, பதிலுக்குத் தளம் கொடுத்த டோக்கனைத் திருடிக்கொண்டது. டோக்கன் என்பது 'இவர் ஏற்கெனவே நுழைந்தவர்' என்று தளம் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. முதலில் தெரிந்தது, வழக்கமில்லாத நாட்டிலிருந்து ஓர் உள்நுழைவு. அவர் கடவுச்சொல்லை மாற்ற வைத்தார், டிக்கெட்டை மூடப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அதே கணக்கிலிருந்து வாடிக்கையாளரின் வணிகர்களுக்கு, 'எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது' என்று மின்னஞ்சல் போனது.

'ஏன் அப்படி ஆச்சு?' என்று கேட்டால் அவர் ஒளிக்காமல் சொல்கிறார். கடவுச்சொல்லை மாற்றியதோடு நின்றது தவறு. ஏற்கெனவே கொடுக்கப்பட்ட டோக்கன் அதற்குப் பிறகும் சிறிது நேரம் செல்லுபடியாகலாம். அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். ஊடுருவியவர் இடையில் தன் கைபேசியையும் அந்தக் கணக்கின் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்குப் பதிந்து வைத்திருந்தார். அதை நீக்கவில்லை என்றால் எந்தக் கடவுச்சொல்லை வைத்தும் பயனில்லை. இன்பாக்ஸில் ஒரு விதியும் இருந்தது. 'இன்வாய்ஸ்' என்ற சொல் வரும் மின்னஞ்சல்களை யாரும் திறக்காத ஒரு கோப்புறைக்கு அது நகர்த்திக்கொண்டிருந்ததால், வணிகர்கள் சந்தேகப்பட்டு அனுப்பிய பதில்களை உரியவர் பார்க்கவே இல்லை. இவற்றையெல்லாம் களைந்த பிறகு, அதே போலி மின்னஞ்சல் நிறுவனத்தில் இன்னும் யார் யாருக்கு வந்தது என்று தேடி, திறந்திருந்த இன்னும் இரண்டு பேரைக் கண்டுபிடித்தார்களாம்.

இந்தக் கதையை மனப்பாடம் செய்து சொல்லிவிட முடியாதா? முடியும். ஆனால் குறுக்குக் கேள்விகளில் உடையும். 'அந்த இன்பாக்ஸ் விதியை எங்கே பார்த்தீங்க? யாரோட அனுமதியில கணக்கை முடக்கினீங்க? எத்தனை மணிக்கு?' நேரத்தைக் கேட்பது முக்கியம். இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, பட்டியலிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எப்போது 'அறிந்தோம்' என்ற நேரத்தை எழுதி வைக்கும் பழக்கம் இல்லாதவர் நிறுவனத்தைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடுவார். நேரில் இருந்தவர் நிமிடக் கணக்கை மறந்திருக்கலாம். ஆனால் எது முன், எது பின், எங்கே தாமதம் ஆயிற்று என்பதை மறந்திருக்க மாட்டார். தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் தொழில்நுட்பமாக இருக்காது. முடிவெடுக்க வேண்டிய மேலாளர் போனை எடுத்திருக்க மாட்டார். அந்த அலுப்பைச் சொல்லும் குரலிலேயே அனுபவம் தெரியும்.

அனுபவத்தை எடை போடுவதில் இன்னொரு நியாயமும் வேண்டும். பெரிய சாக்குகளில் எல்-1 ஊழியர் அலர்ட்டை மேலே தள்ளிய பிறகு என்ன ஆனது என்பதே அவருக்குத் தெரிய வராது. நல்ல திறமைசாலி ஒருவர் மூன்று ஆண்டு உழைத்தும் ஒரு சம்பவத்தைக்கூட முடிவு வரை பார்த்திருக்க மாட்டார். அது அவர் குறை ஆகாது. ஆனால் அத்தகையவரிடம், 'நீங்க தள்ளின டிக்கெட் என்ன ஆச்சுன்னு போய்ப் பார்த்தீங்களா?' என்று கேட்கலாம். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மதிய உணவில் எல்-2விடம் விசாரித்து, மூடிய டிக்கெட்டுகளைத் திறந்து படித்தவர்கள். அவர்களை நான் அனுபவசாலிகளாகவே எடுத்துக்கொள்வேன்.

இந்த மூவரில் எல்-2 நாற்காலி மூன்றாமவருக்கு. சான்றிதழ் இல்லாதது அவருக்கு ஒரு குறைதான், அதை மறைக்கத் தேவையில்லை. தான் பழகிய கருவிகளுக்கு வெளியே, உதாரணமாக கிளவுட் பாதுகாப்பில், அவர் பதில்கள் மெலிந்திருந்தன. ஒரு பாடத்திட்டத்தை முழுதாகப் படித்திருந்தால் அந்த ஓட்டைகள் அடைபட்டிருக்கும். சில வாடிக்கையாளர் ஒப்பந்தங்களே ஊழியர்களிடம் இன்ன சான்றிதழ் இருக்க வேண்டும் என்று கேட்கும். எனவே ஆறு மாதத்துக்குள் ஒரு தேர்வு, கட்டணம் நிறுவனத்தின் செலவில் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

இரண்டாமவரை எல்-2வுக்கு எடுக்க முடியாது. கணினியை அணைத்துவிடும் அந்த ஒரு பதில் போதும். ஆனால் எல்-1 இடம் காலியாக இருந்தால் அன்றைக்கே அவருக்குக் கொடுக்க வேண்டும். மருத்துவமனையில் டெஸ்க்டாப் சப்போர்ட் பார்த்ததை ரெஸ்யூமின் கடைசியில், மன்னிப்புக் கேட்பது போல எழுதியிருக்கிறார். உண்மையில் அது அவருடைய பலம். சாதாரண ஊழியர்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எந்த மென்பொருள் தினமும் வினோதமாக நடந்துகொள்கிறது என்பது தெரிந்தவருக்குத்தான் ஒன்றுமில்லாத அலர்ட்டை ஒன்றுமில்லை என்று துணிந்து மூட வரும்.

முதலாமவருக்கு இந்த இரண்டு இடமும் பொருந்தாது. அவருடைய படிப்பு கொள்கைகள், தணிக்கை, இடர் மதிப்பீடு ஆகியவற்றில் ஆழமாக இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 27001 தணிக்கைக்கு ஆவணங்களைத் தயார்செய்யும் பிரிவில் அவர் நன்றாக வருவார். அந்தப் பிரிவுக்கு ரெஸ்யூமை அனுப்புவதற்கு முன், சான்றிதழ் வரியை 'அசோசியேட்' என்று திருத்தித் தரச் சொல்ல வேண்டும். உடனே திருத்துகிறாரா, வாதாடுகிறாரா என்பதைப் பார்த்து அடுத்த பிரிவு முடிவெடுக்கட்டும்.

மூன்றாமவருடைய முந்தைய ஷிஃப்ட் தலைவரிடம் போனில் பேசும்போது, 'ஆள் எப்படி?' என்று பொதுவாகக் கேட்டால், 'நல்ல பையன் சார்' என்றுதான் பதில் வரும். 'அவர் எழுதி வைத்துவிட்டுப் போன ஹேண்ட்ஓவர் குறிப்பைப் படித்து, அவருக்கு போன் செய்யாமலே அடுத்த ஷிஃப்ட் வேலையைத் தொடர முடிந்ததா?' என்று கேளுங்கள். அவரைத் தனி இரவு ஷிஃப்டில் போடும் தேதியை அந்தப் பதிலைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.